டாலர் வரவில் எவ்வளவைப் பூட்டுவது? நான்கு ஹெட்ஜ் விகிதங்கள், ஒரே கணக்கு

1985 ஜனவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் போயிங்கிடம் இருபது 737 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை 50 கோடி டாலர், பணம் கட்ட வேண்டியது ஓராண்டு கழித்து. அன்று ஒரு டாலர் சுமார் 3.2 மார்க். நிறுவனத்தின் தலைவர் ஹைன்ஸ் ரூனாவ், டாலர் இனி இறங்கும் என்று நம்பினார். ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து 50 கோடியைத் திறந்து விட மனம் வரவில்லை. பாதியை ஃபார்வர்டில், அதாவது பின்னால் மாற்றப்போகும் நாணயத்துக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில், 3.2க்குப் பூட்டினார், பாதியை அப்படியே விட்டார். ஓராண்டில் டாலர் 2.3 மார்க்குக்கு இறங்கிவிட்டது. பூட்டிய பாதிக்கு 80 கோடி மார்க், பூட்டாத பாதிக்கு 57.5 கோடி, ஆக மொத்தம் 137.5 கோடி மார்க். எதையுமே பூட்டாமல் இருந்திருந்தால் 115 கோடியோடு முடிந்திருக்கும். முழுவதையும் பூட்டியிருந்தால் 160 கோடி ஆகியிருக்கும்.

அவர் கணிப்பு சரியாகவே இருந்தது. இருந்தும் 22.5 கோடி மார்க்கை வீணடித்தார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். டாலர் ஏறியிருந்தால், ஏன் முழுவதையும் பூட்டவில்லை என்று அதே வாய்கள் கேட்டிருக்கும். என் குறை வேறு. பாதி என்ற எண் எங்கிருந்து வந்தது? விமான நிறுவனத்துக்கு டாலரில் டிக்கெட் வருமானமும் உண்டு. அதைக் கழித்தால் உண்மையில் ஆபத்தில் இருந்த தொகை எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. டாலர் எங்கே போகும் என்பது அதற்கு அடுத்ததுகூட இல்லை.

கையிருப்பு, வரவு, கடன் என எந்த வெளிநாட்டு நாணயத் தொகையிலும் எத்தனை சதவீதத்தை முன்கூட்டியே ஒரு விலைக்குப் பூட்டுகிறோமோ, அதுதான் ஹெட்ஜ் விகிதம். நடைமுறையில் நிறுவனங்கள் நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன: எதையும் பூட்டாமல் விடுவது, முழுவதையும் பூட்டுவது, கண்ணை மூடிக்கொண்டு பாதி, இல்லையென்றால் தன் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்த ஒரு விகிதம். நான்கையும் ஒரே நிறுவனத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்.

கணக்குப் புத்தகம் யூரோவில், விற்பனை டாலரில் என்று இருக்கும் ஒரு இயந்திர உதிரிபாகத் தயாரிப்பாளரை எடுத்துக்கொள்வோம். நிறுவனமும் எண்களும் கற்பனை. எளிதாகக் கூட்டிக் கழிக்க வரும்படி வைத்திருக்கிறேன். இன்று ஒரு டாலர் 0.90 யூரோ. ஆறு மாத ஃபார்வர்டும் அதே 0.90 என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் இரண்டு நாணயங்களின் வட்டி வித்தியாசத்தைப் பொறுத்து ஃபார்வர்டு சற்று மேலேயோ கீழேயோ இருக்கும்.

விற்பனைப் பிரிவு தரும் தாளில் ஆறாம் மாத டாலர் வரவு 12 லட்சம் என்று இருக்கிறது. இந்த எண்ணை அப்படியே ஹெட்ஜ் தாளுக்கு மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே செய்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

“சார், இந்த 12 லட்சத்தில் கையெழுத்தானது எவ்வளவு?”

“எட்டு கன்ஃபர்ம். மீதி நாலு பேச்சுவார்த்தையில் இருக்கு. ஆனா வந்துடும்.”

“வந்துடும்னா? பத்தில் எத்தனை?”

“…அஞ்சு.”

ஆக எதிர்பார்க்கும் வரவு 8 லட்சமும் 4 லட்சத்தில் பாதியும் சேர்ந்து 10 லட்சம். 12 என்பது இலக்கு. இலக்கை ஹெட்ஜ் செய்யக் கூடாது. ஆர்டர் வருமா வராதா என்பதற்கும் டாலர் விலைக்கும் தொடர்பே இல்லாத வரை, ஹெட்ஜ் கணக்குக்கு எடுக்க வேண்டிய அளவு இந்தச் சராசரிதான். குறைந்தபட்சமான எட்டையும் எடுக்கக் கூடாது, அதிகபட்சமான பன்னிரண்டையும் எடுக்கக் கூடாது.

அடுத்து, இதே நிறுவனம் அதே மாதத்தில் மூலப்பொருளுக்கு 3 லட்சம் டாலர் கட்ட வேண்டும். வரும் டாலரிலிருந்தே அதைக் கட்டிவிடலாம். வங்கிக்குப் போக வேண்டியதில்லை, கமிஷனும் இல்லை. மீதி 7 லட்சம். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த 7 லட்சம்தான் நம் ஆபத்து, முழுவதையும் பூட்டினால் நிம்மதி என்பது அவர்கள் கணக்கு.

அவர்கள் கவனிக்காத ஒரு வரி விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டும் விலைப்பட்டியல் திருத்தப்படும். டாலர் பலவீனமானால் விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், டாலர் பலமானால் வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். டாலர் 0.90லிருந்து 0.80க்குப் போனால், அதாவது சுமார் 11 சதவீதம் விழுந்தால், டாலர் விலையை 5 சதவீதம் ஏற்ற முடியும் என்று வைத்துக்கொள்வோம். 1.00க்கு ஏறினால் 5 சதவீதம் தள்ளுபடி. மூலப்பொருள் செலவு 3 லட்சத்திலேயே நிற்கிறது.

இப்போது மூன்று சூழல்கள். டாலர் 0.80 ஆனால் வரவு 10.5 லட்சம், மூலப்பொருள் போக 7.5 லட்சம், யூரோவில் 6 லட்சம். 0.90லேயே நின்றால் 7 லட்சம் டாலர், 6.3 லட்சம் யூரோ. 1.00 ஆனால் 9.5 லட்சத்தில் 3 போக 6.5 லட்சம் டாலர், 6.5 லட்சம் யூரோ. இவற்றின் மேல் நான்கு ஹெட்ஜ்களை வைத்தால் இப்படி வருகிறது. கட்டங்களில் இருப்பது ஆயிரம் யூரோ.

| பூட்டிய டாலர் | டாலர் 0.80 | டாலர் 0.90 | டாலர் 1.00 | அதிகத்துக்கும் குறைவுக்கும் இடைவெளி |
|---|---|---|---|---|
| எதுவும் இல்லை | 600 | 630 | 650 | 50 |
| 2.5 லட்சம் (36%) | 625 | 630 | 625 | 5 |
| 3.5 லட்சம் (50%) | 635 | 630 | 615 | 20 |
| 7 லட்சம் (100%) | 670 | 630 | 580 | 90 |

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். முழு ஹெட்ஜ் போட்டவருக்கு இடைவெளி 90 ஆயிரம். ஒன்றுமே செய்யாதவருக்கு 50 ஆயிரம். பாதுகாப்புக்காகச் செய்தது ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டது. திசை மட்டும் மாறியிருக்கிறது. முன்பு டாலர் விழுந்தால் அடி, இப்போது டாலர் ஏறினால் அடி. ஏன்? விலைத் திருத்த வரியே ஒரு ஹெட்ஜ். டாலர் விழும்போது கூடுதல் டாலர் வருகிறது, ஏறும்போது குறைந்த டாலர் வருகிறது. அதன் மேல் இன்னொரு முழு ஹெட்ஜைப் போட்டால் ஒரே ஓட்டைக்கு இரண்டு அடைப்பு.

2.5 லட்சம் எங்கிருந்து வந்தது என்றால், மிகச் சாதாரண வகுத்தல். டாலர் 0.80லிருந்து 1.00க்குப் போகும்போது, அதாவது 0.20 யூரோ நகரும்போது, நிறுவனத்தின் யூரோ வரவு 6 லட்சத்திலிருந்து 6.5 லட்சத்துக்குப் போகிறது. 50 ஆயிரத்தை 0.20ஆல் வகுத்தால் 2.5 லட்சம். டாலர் விலை நகரும்போது நம் யூரோ வரவு எவ்வளவு சரிவில் நகர்கிறதோ, அத்தனை டாலரை விற்றுவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். பார்வைக்கு 7 லட்சம் டாலர் வைத்திருக்கும் நிறுவனம், பொருளாதாரக் கணக்கில் 2.5 லட்சம் டாலர்தான் வைத்திருக்கிறது. 36 சதவீதம் என்ற விகிதம் அதிலிருந்து விழுகிறது.

இதை எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும். h என்பது பூட்ட வேண்டிய டாலர், CF என்பது யூரோவில் நிகர வரவு, S என்பது டாலரின் விலை. Cov இரண்டும் சேர்ந்து நகரும் அளவு, Var டாலர் விலை தனியே ஏறி இறங்கும் அளவு:

```
h = Cov(CF, S) / Var(S)
```

பழைய மாத எண்கள் கையில் இருந்தால் விரிதாளில் ஒரே வரி. A பத்தியில் டாலர் விலை, B பத்தியில் அந்த மாத நிகர வரவு:

```
=SLOPE(B2:B25, A2:A25)
```

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிதிப் பாடப்புத்தகத்தில் “குறைந்தபட்ச ஏற்ற இறக்க ஹெட்ஜ் விகிதம்” என்று தேடினால், ஸ்பாட் விலையின், அதாவது அன்றைய சந்தை விலையின் மாற்றத்தை, சந்தையில் விற்கும் முன்விலை ஒப்பந்தமான ஃபியூச்சர்ஸ் விலையின் மாற்றத்தோடு ஒப்பிடும் சூத்திரம் கிடைக்கும். அதில் தவறில்லை. ஆனால் அது பதில் சொல்வது வேறு கேள்விக்கு: நம் நாணயத்துக்கு நேரடி ஒப்பந்தம் கிடைக்காமல் இன்னொரு நாணயத்தை வைத்துச் சமாளிக்கும்போது எத்தனை ஒப்பந்தம் வேண்டும் என்பதற்கு. டாலர் ஸ்பாட்டை டாலர் ஃபார்வர்டோடு ஒப்பிட்டால் விடை எப்போதும் ஒன்றை ஒட்டியே வரும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. 0.98 என்று வந்ததைக் காட்டி, “உகந்த விகிதம் 98 சதவீதம், கணக்கு போட்டுப் பார்த்தாச்சு” என்று இயக்குநர் குழுவில் வைக்கும் அறிக்கைகள் இந்த வகை. அந்தக் கணக்கில் நிறுவனத்தின் வியாபாரம் எங்குமே இல்லை. எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் அதே 0.98 வரும். சரிபார்க்க இதுவே போதும்: B பத்தியில் நம் சொந்த வரவு இருக்கிறதா, சந்தை விலை இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த வரவை வைத்துப் போட்டாலும் அந்த எண்ணைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். இருபத்து நான்கு மாதம் என்பது மிகச் சிறிய மாதிரி. ஒரு மாதம் வந்த ஒரு பெரிய ஆர்டர் சரிவையே திருப்பிப் போடும். வியாபாரம் வளர்ந்துகொண்டே வந்த காலத்தில் டாலரும் தற்செயலாக ஏறிக்கொண்டிருந்தால், வளர்ச்சியெல்லாம் டாலரால் வந்தது போலக் கணக்கு காட்டும். அதனால் மொத்த எண்களுக்குப் பதில் மாதத்துக்கு மாதம் ஏற்பட்ட மாற்றங்களை வைத்துப் போடுவது நல்லது. LINEST வைத்துப் பார்த்தால் சரிவின் பிழை அளவும் கிடைக்கும். சரிவு 2.5 லட்சம், பிழை 1.2 லட்சம் என்று வந்தால், உண்மை விடை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 5 லட்சம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். அந்த நிலையில் 36 என்றும் 38 என்றும் வாதாடுவதில் பயனில்லை. நான் ஒப்பந்தத்தைப் படித்து, மேலே செய்தது போல மூன்று சூழல்களைக் கையால் போடுவதைத்தான் முதலில் நம்புவேன். பழைய எண்கள் அதற்கு முரணாக இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும் SLOPE.

பாதி என்ற விகிதத்துக்கு வருவோம். அதைக் கேலி செய்வது சுலபம், ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. நம் உண்மையான ஆபத்து பூஜ்யத்துக்கும் 7 லட்சத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, எங்கே என்று தெரியாது என்ற நிலையில், 3.5 லட்சத்தைப் பூட்டியவர் எந்தப் பக்கமும் 3.5 லட்சத்துக்கு மேல் தவற மாட்டார். எங்கள் அட்டவணையிலும் அது இரண்டாம் இடத்தில் வந்திருக்கிறது. கணக்குப் போடாதவருக்கு அது மோசமான இடமில்லை.

பாதிக்கு ஆதரவாக வரும் இன்னொரு வாதத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபத்து முழுதாக 7 லட்சமே என்று இருந்தால், பாதி ஹெட்ஜ் 75 சதவீத ஏற்ற இறக்கத்தை நீக்கிவிடும் என்பார்கள். வேரியன்ஸ், அதாவது விலகல்களின் வர்க்கச் சராசரி, என்ற அளவில் உண்மைதான்: மிச்சம் பாதி, அதன் வர்க்கம் கால் பங்கு. ஆனால் சம்பளமும் வட்டியும் வர்க்கத்தில் கட்டப்படுவதில்லை. யூரோவில் வரும் அடி பாதியாகத்தான் குறைகிறது. 75 என்று அறிக்கையில் பார்த்தால் 50 என்று படித்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியைக் குறைப்பதே நோக்கம் என்று இதுவரை பேசினோம். பெரும்பாலான நிறுவனங்களின் உண்மையான நோக்கம் அதைவிட எளிமையானது: ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது. நம் நிறுவனத்துக்கு அந்த மாதம் கடன் தவணை, சம்பளம், வரி எல்லாம் சேர்த்து 6.2 லட்சம் யூரோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்ஜ் இல்லாமல் டாலர் 0.80 ஆனால் 6 லட்சம்தான் வரும். 20 ஆயிரம் இடிக்கிறது. பூட்டிய ஒவ்வொரு லட்சம் டாலரும் 0.80 சூழலில் 10 ஆயிரம் யூரோ சேர்க்கும், 1.00 சூழலில் அதே 10 ஆயிரத்தை எடுக்கும். ஆகவே கீழ்ப்பக்கம் காப்பாற்ற குறைந்தது 2 லட்சம் டாலர் பூட்ட வேண்டும். மேல்பக்கம் 6.5 லட்சத்திலிருந்து 30 ஆயிரம்தான் இழக்கலாம், எனவே 3 லட்சத்துக்கு மேல் பூட்டக் கூடாது. விகிதத்தில் சொன்னால் 29 முதல் 43 சதவீதம்.

எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு பட்டை கிடைக்கிறது. பட்டைக்குள் எங்கே நிற்பது என்பதில் ட்ரெஷரியில் இருப்பவரின் டாலர் கணிப்புக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். அவர் கணிப்பு தவறினாலும் தவணை தவறாது. 50 சதவீதம் இந்தப் பட்டைக்கு வெளியே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். டாலர் ஏறினால் பாதி ஹெட்ஜ் போட்டவரிடம் 6.15 லட்சம்தான் இருக்கும்.

எல்லாம் எங்கே உடையும்? ஒரே இடத்தில்: அந்த விலைத் திருத்த வரியில். டாலர் விழுந்ததும் வாடிக்கையாளர், “இந்தக் காலாண்டு விலையைத் தொடாதீர்கள், அடுத்ததில் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டால், 0.80 சூழலில் நம்மிடம் 7 லட்சம் டாலர்தான், 5.6 லட்சம் யூரோ. 3 லட்சம் பூட்டியிருந்தாலும் 5.9தான் ஆகிறது. 6.2ஐத் தொட 6 லட்சம் டாலர் பூட்டியிருக்க வேண்டும், அதாவது 86 சதவீதம். ஒரு வரி செல்லுமா செல்லாதா என்பதில் விகிதம் 36க்கும் 86க்கும் இடையே ஆடுகிறது. டாலர் எங்கே போகும் என்று ஆய்வறிக்கைகளைப் படிக்கும் நேரத்தில், கடந்த முறை நாணயம் நகர்ந்தபோது உண்மையில் விலை மாறியதா, எத்தனை வாரம் தாமதமானது என்று பழைய இன்வாய்ஸ்களைப் புரட்டினால் பத்து மடங்கு பயன்.

அதே காரணத்தால்தான் எல்லா டாலருக்கும் ஒரே விகிதம் வைப்பது பிழை. இன்வாய்ஸ் போட்டு அனுப்பிய டாலரில் விலைத் திருத்தம் செய்ய முடியாது. அதன் எண்ணிக்கை உறுதி, விலையும் உறுதி, நகர்வது நாணயம் மட்டும். அதற்கு நூறு சதவீதத்தை ஒட்டிய ஹெட்ஜே சரி. கையெழுத்தாகி இன்னும் இன்வாய்ஸ் ஆகாத ஆர்டர், அடுத்த விலைத் திருத்தத்துக்கு முன்னால் போகுமா பின்னால் போகுமா என்பதைப் பொறுத்தது. திருத்தத்துக்குப் பின்னால் வரும், வெறும் எதிர்பார்ப்பாக இருக்கும் டாலருக்குத்தான் மேலே போட்ட 36 சதவீதக் கணக்கு பொருந்தும். மாதங்கள் நெருங்க நெருங்க ஒவ்வொரு தொகையும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும், அப்போது ஹெட்ஜைக் கூட்டிக்கொண்டே போகலாம். இதைத்தான் அடுக்கு ஹெட்ஜ் என்கிறார்கள். பல நிறுவனங்களில் அடுக்கு இருக்கிறது. 80, 60, 40 என்று எண்களும் இருக்கின்றன. அந்த எண்களுக்குக் காரணம் கேட்டால்தான் பதில் இருக்காது.

அதிகமாகப் பூட்டுவதன் விலையைச் சிலர் கசப்பாக அறிந்தார்கள். 2008க்கு முன் தென் கொரியாவின் சிறு, நடுத்தர ஏற்றுமதியாளர்கள் கிகோ என்ற வகை ஆப்ஷன் ஒப்பந்தங்களில் பெருமளவில் இறங்கினார்கள். வொன் ஒரு வரம்புக்குள் இருக்கும் வரை சந்தையைவிட நல்ல விலை. டாலர் மேல் எல்லையைத் தாண்டிவிட்டால், ஒப்புக்கொண்ட தொகையைப் போல பெரும்பாலும் இரண்டு மடங்கு டாலரைப் பழைய மலிவு விலைக்கு விற்றே ஆக வேண்டும். 2008 நெருக்கடியில் வொன் சரிந்தது, எல்லை உடைந்தது. 70 சதவீதம் ஹெட்ஜ் செய்ததாக நினைத்தவர் ஒரே நாளில் 140 சதவீதம் ஹெட்ஜ் செய்தவராகிவிட்டார். வராத டாலரைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கி வங்கிக்குக் கொடுக்க வேண்டிய நிலை. விகிதத்தைக் கணக்கிடும்போது, மிக மோசமான சூழலில் அந்த ஒப்பந்தம் எத்தனை டாலரை நம்மிடம் கேட்கும் என்பதைத்தான் மேல் எண்ணாக எழுத வேண்டும்.

சாதாரண ஃபார்வர்டிலும் இதே விபத்து சின்ன அளவில் நடக்கும். பேச்சுவார்த்தையில் இருந்த 4 லட்சம் டாலர் ஆர்டர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். டாலர் 1.00க்கு ஏறி, 5 சதவீதத் தள்ளுபடியும் கொடுத்தால், 8 லட்சம் 7.6 ஆகிறது, மூலப்பொருள் ஏற்கெனவே வாங்கியாயிற்று, 3 போக 4.6 லட்சம். 7 லட்சம் பூட்டியவர் 2.4 லட்சம் டாலரை 1.00க்கு வாங்கி 0.90க்கு விற்க வேண்டும். 24 ஆயிரம் யூரோ கையை விட்டுப் போகிறது, அதுவும் ஆர்டர் போன மாதத்தில். 2.5 லட்சம் பூட்டியவருக்கு இந்தப் பிரச்சினையே எழாது. அவர் விற்றது கையில் வந்ததைவிடக் குறைவு.

இன்னொரு வரம்பு வங்கியிடமிருந்து வருகிறது. ஃபார்வர்டு போட வங்கி கடன் வரம்பில் ஒரு பகுதியை ஒதுக்கும் அல்லது மார்ஜின் என்ற பிணைப்பணம் கேட்கும். 7 லட்சம் டாலர் பூட்டியபின் மூன்றாவது மாதமே டாலர் 1.00ஐத் தொட்டால், தாளில் 70 ஆயிரம் யூரோ நஷ்டம் தெரியும். மார்ஜின் ஒப்பந்தம் இருந்தால் அதை இப்போதே வைக்க வேண்டும். டாலர் வருவதோ ஆறாம் மாதம். கடைசியில் எல்லாம் சரியாகும் ஹெட்ஜ்கூட நடுவில் கையிருப்பை வறட்டிவிடும். எனவே நான் மேலே சொன்ன பட்டைக்கு இன்னொரு உச்சவரம்பு உண்டு: நடுவழியில் எவ்வளவு மார்ஜின் வைக்கத் தாங்கும் என்பது.

ஃபார்வர்டு விலை ஸ்பாட்டைவிட மேலே இருந்தால், அதாவது டாலர் வட்டி நம் நாணய வட்டியைவிடக் குறைவாக இருந்தால், விற்பவருக்கு அது இனிப்பாகத் தெரியும். விகிதத்தைக் கூட்டிவிடலாமே என்று கை பரபரக்கும். அது வட்டி வித்தியாசத்தின் நிழல். அதைச் சம்பாதிக்கத்தான் விகிதத்தைக் கூட்டுகிறோம் என்றால் அது முதலீட்டு முடிவு, அதை வேறு தலைப்பில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் ஹெட்ஜ் தாளை என்னிடம் கொடுத்தால் இப்படி நிரப்புவேன். இன்வாய்ஸ் ஆன டாலர் முழுவதும் ஃபார்வர்டில். ஆறாம் மாதத்தின் 7 லட்சத்தில் 3 லட்சம் ஃபார்வர்டில், பட்டையின் மேல் ஓரத்தில் நிற்பேன், ஏனென்றால் விலைத் திருத்தம் தாமதமாகும் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இன்னும் 3 லட்சம் டாலருக்கு 0.90 விலையில் புட் ஆப்ஷன் வாங்கலாம். அது விற்கும் உரிமை மட்டும், கட்டாயம் இல்லை. டாலரின் ஆண்டு ஏற்ற இறக்கம் 8 சதவீதம் என்று எடுத்தால் ஆறு மாத பிரீமியம் தொகையில் சுமார் 2.3 சதவீதம் வரும்; 2.7 லட்சம் யூரோவுக்கு ஏறக்குறைய 6 ஆயிரம். டாலர் விழுந்து வாடிக்கையாளரும் விலையைத் தொட விடவில்லை என்றால், 5.9ஐ அது 6.2 வரை தூக்கும், பிரீமியம் போக 6.14. இன்னும் 6 ஆயிரம் குறைகிறது, அதை ஓவர்டிராஃப்ட் பார்த்துக்கொள்ளும். டாலர் ஏறினால் ஆப்ஷனைக் கிழித்துப் போட்டுவிடலாம். அந்தச் சூழலில் ஃபார்வர்டு நஷ்டம் போக 6.2 இருக்கும், அதிலும் பிரீமியம் 6 ஆயிரத்தைத் தின்னும். அது பிடிக்கவில்லை என்றால் ஃபார்வர்டை 2.4 லட்சத்துக்கு இறக்கினால் போதும், 1.00 சூழலில் மீண்டும் 6.2 கிடைக்கும்.

மறு ஆய்வுத் தேதியாக மாதக் கடைசியைக் குறிக்க மாட்டேன். அடுத்த காலாண்டு விலைப்பட்டியலுக்கு வாடிக்கையாளரின் பதில் வரும் நாளைக் குறிப்பேன். விலையை ஏற்றுக்கொண்டால் மிச்சமிருக்கும் ஆப்ஷனை விற்றுவிடலாம். மறுத்தால் அன்றே 3 லட்சத்தை 6 லட்சமாக்குவேன்.